பிரிட்ஜுக்குள் பனியன்

அந்தக் காலத்தில் எங்கள் அண்ணாச்சிக்குப் பேச நேரம் கிடையாது. தொண்ணூறுகளின் கடைசி, திருநெல்வேலி டவுனில் ஒரு பலசரக்குக் கடை. அவர் முதலாளி இல்லை, முதலாளிக்கு அடுத்த ஆள். முன்னால் ஏழெட்டுப் பேர் சீட்டும் பையுமாக நிற்பார்கள், பின்னால் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். நடுவில் நின்று, பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே, கடைப் பையன்களுக்கு உத்தரவு போடுவார். "ஏல, இத அங்கன வை. அத இங்கன கொண்டா." அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பாதியைத்தான் வாய் சொல்லும், மீதியைச் சுட்டுவிரல் பார்த்துக்கொள்ளும். விரல் காட்டிய மூட்டையைத் தூக்கி, விரல் காட்டிய மூலையில் வைத்தால் வேலை முடிந்தது.

நான் அங்கே கணக்கெழுதினேன். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று, குடோன் கதவின் உள்பக்கத்தில் மறுநாள் வேலையைச் சாக்பீஸால் எழுதும் பொறுப்பையும் என் தலையில் கட்டினார்கள். 'சீனி 5 மூட்டை மேலே. பழைய உளுந்து முதலில்.' கதவு சின்னது, அதனால் உத்தரவும் சின்னது. அதில் குறை இல்லாமல் இல்லை. முந்தின நாள் லீவு போட்டவனுக்கு எதுவும் தெரியாது. காலையில் யாராவது முதுகைக் கதவில் சாய்த்தால் பாதி உத்தரவு சட்டையோடு போய்விடும். "நீங்க சொல்லவே இல்ல அண்ணாச்சி" என்று ஒருவன் சாதித்தால், சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

இப்போது சாட்சிக்குப் பஞ்சமே இல்லை. கடை ஏ.சி. போட்ட டிபார்ட்மெண்ட் ஸ்டோர் ஆகிவிட்டது. அண்ணாச்சி புளோர் சூப்பர்வைசர், கழுத்தில் அடையாள அட்டை. முன்னால் நின்று சீட்டை நீட்டும் ஆட்கள் இல்லை, வருகிறவர்கள் தள்ளுவண்டியோடு தாங்களே எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆக அவருக்கு நேரம் கிடைத்தது. 2013-ல் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பும் வசதி வந்தது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. ஒரு மூச்சில் முடிந்த உத்தரவு இன்று நாலரை நிமிடம் ஓடுகிறது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து வாசலில் காற்றாட உட்காரும்போதுதான் அவருக்குக் கடை ஞாபகம் வரும். பின்னணியில் ஆட்டோ ஹாரன், டி.வி. சீரியல், ஆச்சி கூப்பிடும் குரல்.

கடைப் பிள்ளைகள் முதலில் கேட்டார்கள். பிறகு 2021-ல் குரல் செய்தியை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடும் வசதி வந்ததும், அண்ணாச்சியை கார்ட்டூன் எலியைப் போலக் கீச்சிட வைத்துக் கேட்டார்கள். அதற்கும் பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்கள். சண்டை வந்தால் மட்டும் கேட்பார்கள். "ரெண்டாவது நிமிஷத்துல என்ன சொல்லியிருக்கீங்கன்னு நீங்களே கேளுங்க அண்ணாச்சி" என்று ஒரு பெண் போனை நீட்டினாளாம். குடோன் கதவின் காலத்தில் இந்தத் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை.

முதலாளியின் மகன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். குரலைப் போட்டால் எழுத்தாக்கித் தரும் செயலி ஒன்று. அதில் வந்ததை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் ஒட்டிவிட்டார். முற்றுப்புள்ளி இல்லை, பத்தி இல்லை. 'அங்கன' என்று அண்ணாச்சி சொன்ன இடத்திலெல்லாம் 'அங்கனா' என்று விழுந்திருந்தது. பில்லிங்கில் புதிதாக வந்த பெண் "அங்கனா யாரு, எந்த செக்‌ஷன்?" என்று கேட்டுவிட்டாள். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள், பழைய கையெழுத்து ஞாபகத்தில். கணக்கை எப்போதோ கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டுவிட்டது. கதவில் எழுதியவன் இப்போது பிரிட்ஜ் கதவில் ஒட்டும் தாளை எழுதுகிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் சுலபமான வேலை. 'ஆ', 'வந்து', 'என்ன சொல்லுதேன்னா' எல்லாவற்றையும் நீக்கினால் மிச்சம் உத்தரவு என்று முதலாளியின் மகன் நினைத்தார். ஒரு வியாழக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு, அதாவது நள்ளிரவு தாண்டி, வந்த குரல் செய்தியின் நடுப்பகுதி எழுத்தில் இப்படி இருந்தது:

"கேக்கா நான் என்ன சொல்லுதேன்னா தயிரு பழச முன்னாடி வைங்க பழச முன்னாடி வைங்கன்னு எத்தன மட்டம் சொல்ல அப்புறம் கீழ் தட்டுல இல்ல இல்ல அதுக்கு மேல் தட்டுல பனியன் இருக்கு பாரு ரெண்டு நாள்ல முடியிறத பூரா பாஸ்கெட்ல போட்டு எம்பது ரூவான்னு ஒட்டிரு நாளைக்கு காலைல வண்டிக்காரன் வருவான் டேமேஜ அவன்ட்ட குடுத்துரு அத முதல்ல என்ட்ட கேளு போன மாசம் குடுத்ததுக்கே இன்னும் கிரெடிட் வரல சும்மா உக்காந்துருக்காளுவ"

பனியன் என்ன என்று கண்டுபிடிக்கப் பெரிய அறிவு வேண்டாம், பால் பிரிட்ஜில் பனியன் விற்பதில்லை. அது பன்னீர். இந்த மாதிரிப் பிழை ஆபத்தில்லாதது, பார்த்ததும் சிரிப்பு வந்துவிடும், சிரித்துக்கொண்டே திருத்திவிடலாம். சிரிப்பு வராத பிழைகள்தான் கடையைக் கவிழ்க்கும். இதில் அப்படி இரண்டு இருந்தன.

ஒன்று, 'குடுத்துரு அத'. டேமேஜ் சரக்கை, அதாவது தேதி முடிந்ததும் ஒழுகியதும் உப்பியதுமாகத் திருப்பி அனுப்ப வேண்டிய பாக்கெட்டுகளை, ஏஜென்சி வண்டிக்காரனிடம் கொடுத்துவிடு என்று படிக்கலாம். குறையில்லாத தமிழ். ஆனால் அடுத்தாற்போல 'முதல்ல என்ட்ட கேளு' என்று வருகிறது. அதற்கடுத்து, போன மாதம் கொடுத்ததற்கே பணம் வரவில்லை என்ற புலம்பல். கொடுக்கச் சொல்கிற மனிதர் ஏன் புலம்ப வேண்டும்? குரலைத் திரும்ப ஓடவிட்டேன். அவர் சொன்னது 'குடுத்துராத'. கடைசி 'ஆத'வைச் செயலி 'அத' என்று பிரித்துப் போட்டதில் உத்தரவு தலைகீழாகிவிட்டது. தமிழில் செய்யாதே என்பது வினையின் வாலில்தான் இருக்கிறது, பேச்சில் அந்த வால் தேய்ந்தும் போகும். அதனால் எழுத்தில் ஒரு வரியும் அதற்கடுத்த வரியும் ஒட்டாமல் நின்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த வாலைத்தான். மற்ற இடங்களை எழுத்தைப் பார்த்தே முடித்துவிடலாம். செய், செய்யாதே என்கிற இடங்களுக்கும் எண்களுக்கும் காதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

மற்றது அந்த எண். 'எம்பது' என்று செயலி எழுதியிருக்கிறது. அம்பதும் எம்பதும் பேச்சில் ஒட்டிப் பிறந்தவை, முதல் எழுத்து ஹாரன் சத்தத்தில் அமுங்கினால் இரண்டும் ஒன்றுதான். எத்தனை முறை கேட்டாலும் எனக்குத் தெளியவில்லை. பாக்கெட்டில் அச்சடித்த விலை 100 ரூபாய். இரண்டு நாளில் முடியப்போகும் பன்னீரை 80-க்கும் தள்ளலாம், 50-க்கும் தள்ளலாம். இரண்டுமே நடக்கக்கூடியதாக இருக்கிற இடத்தில் ஊகம் கூடாது, கேட்டுவிட வேண்டும்.

கேட்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. "அண்ணாச்சி, எம்பதா அம்பதா?" என்று கேட்டால் "ஆமா" என்பார். "பன்னீர் பத்திக் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க" என்றால் போச்சு, இன்னொரு நாலு நிமிடம் வந்து இறங்கும், அதில் இன்னும் இரண்டு சந்தேகம் இருக்கும். அதனால் நான் எழுத்தில் கேட்பேன், ஒரு எண்ணை மட்டும் தட்டினால் போதும் என்கிற மாதிரி: 'பன்னீர் 200 கிராம் ஸ்டிக்கர் விலை எவ்வளவு? எண் மட்டும் அனுப்பவும்.' '80' என்று வந்தது, கூடவே ஒரு கும்பிடும். காற்றாட உட்காரும் மனிதர் இரண்டு இலக்கத்தில் பதில் சொன்னதைப் பார்த்தபோது எனக்குப் பழைய பொட்டல நூல் ஞாபகம் வந்தது.

இந்த அளவில் பிழை திருத்தம் முடிந்தது. வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

விரல் இல்லை என்பதுதான் சிக்கல். அண்ணாச்சி வாசலில் உட்கார்ந்து பேசினாலும் அவர் மனசு பிரிட்ஜ் முன்னால் நின்று விரலை நீட்டிக்கொண்டிருக்கிறது. 'அது', 'அங்கன', 'அதுக்கு மேல்' என்று அவர் சொல்லும்போதெல்லாம் அவருக்குத் தட்டு தெரிகிறது, கேட்கிறவனுக்குத் தெரியவில்லை. ஆகவே குரல் செய்தியைத் தாளாக்குகிறவன் அந்த விரல் எங்கே நீண்டது என்று தேட வேண்டும். நான் போய் அந்த பிரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டு எழுத்தைப் படிப்பேன். கீழ்த் தட்டு என்றார், உடனே 'இல்ல இல்ல' என்று மாற்றினார். கடைசியாகச் சொன்னதுதான் கணக்கு, முன்னால் சொன்னது அடித்தாகிவிட்டது. செயலிக்கு அது தெரியாது, இரண்டையும் பத்திரமாக எழுதி வைத்துவிடும். ஆக, கீழிருந்து இரண்டாவது தட்டு.

'பழச முன்னாடி வை' என்றால்? இந்த 'முன்னாடி' வரிசையில் முன்னால் என்பது சரி. 'பழசு' எது? குடோன் காலத்தில் பழசு என்றால் முந்தி வந்து இறங்கிய மூட்டை, அவ்வளவுதான். தயிரில் அது செல்லாது. நேற்று வந்த கப்பை விட இன்று வந்த கப்பின் தேதி சீக்கிரம் முடியலாம், தேதி குறைந்த சரக்கை ஏஜென்சிகள் தள்ளிவிடுவது நடக்கிற கதைதான். வந்த நாளைப் பார்த்து அடுக்கினால், சீக்கிரம் முடிகிற கப் பின்வரிசையில் கிடந்து அங்கேயே முடிந்துபோகும். அண்ணாச்சிக்கு இது தெரியாமல் இல்லை. முப்பது வருஷப் பழக்கத்தில் 'பழசு' என்ற சொல்லுக்குள் தேதியையும் சேர்த்து அடைத்துவிட்டார். போன மாதம் வேலைக்கு வந்த பையன் அதைப் பிரித்தெடுப்பான் என்று எதிர்பார்க்க முடியாது.

'நாளைக்கு' இன்னொரு வில்லங்கம். நள்ளிரவு தாண்டிப் பேசுகிறவருக்கு அது புதன்கிழமைதான், தூங்கி எழவில்லையே. காலையில் கேட்கிறவர்களுக்கு அடுத்த நாள் வெள்ளி. ஏஜென்சி வண்டி எங்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் வரும் என்பதால் வெள்ளி என்று முடிச்சவிழ்ந்தது. இல்லாவிட்டால் அதையும் கேட்க வேண்டியிருந்திருக்கும். தாளில் நான் நேற்று, இன்று, நாளை எதையும் எழுதுவதில்லை, கிழமையும் தேதியும்தான். தாள் ஒட்டியபடியே இருக்கும், 'நாளை' மட்டும் தினமும் நகர்ந்துகொண்டே போகும்.

இதையெல்லாம் விடப் பெரியது, அவர் சொல்லாமல் விட்டது. பாஸ்கெட்டில் போடு என்றார். எங்கள் கடையில் தள்ளுபடிச் சரக்கென்றால் பில்லிங் பக்கத்தில் ஒரு கூடை வைப்பது வழக்கம், பிஸ்கட்டும் சோப்பும் அதில் கிடக்கும். பன்னீரை அங்கே கொண்டுபோய் வைத்தால் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். கூடை பிரிட்ஜுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அவருக்கு மூச்சுவிடுவது மாதிரி, அதனால் சொல்லவில்லை. 80 ரூபாய் ஸ்டிக்கர் ஒட்டினால் மட்டும் போதாது, பார்கோடு கம்ப்யூட்டரில் 100-ஐத்தான் காட்டும், வாங்குகிறவர் கவுண்ட்டரில் சண்டைக்கு நிற்பார். அதைச் சொல்ல வேண்டியது பில்லிங்குக்கு, அவர்களோ பால் செக்‌ஷன் குரல் செய்தியைக் கேட்கவே மாட்டார்கள். அப்புறம், இரண்டு நாளில் முடிவது சரி, ஏற்கெனவே முடிந்தது கிடந்தால்? அதுவும் 'சீக்கிரம் முடியிறது'தானே என்று ஒரு பிள்ளை 80 ரூபாய் ஸ்டிக்கர் ஒட்டினால் என்ன கதி? இந்தச் சந்தேகங்களை ஒவ்வொன்றாக, ஆமாம் இல்லை என்று சொல்கிற மாதிரி அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் வரிசையாக ஆமாம் வந்தது. அப்புறம் ஒட்டிய தாள் இது:

பால் செக்‌ஷன், காலை ஷிப்ட். வெள்ளி, 14-ம் தேதி. 8 மணிக்குள் முடிக்கணும்.

1. தயிர்: கப்பில் உள்ள தேதியைப் பாருங்க, வந்த நாளை இல்லை. சீக்கிரம் முடிகிறது முன்வரிசை, தள்ளி முடிகிறது பின்வரிசை.

2. பன்னீர் 200 கிராம் (கீழிருந்து இரண்டாவது தட்டு): 14, 15 தேதியில் முடிகிறதை மட்டும் எடுத்து 80 ரூபாய் ஸ்டிக்கர் ஒட்டுங்க. நீலக் கூடையில் போட்டு அதே தட்டில் வைங்க. கூடையை வெளியே வைக்க வேண்டாம்.

3. 13-ம் தேதியோ அதற்கு முன்போ முடிந்தது எதுவாக இருந்தாலும் விற்க வேண்டாம். டேமேஜ் பெட்டியில் போடுங்க.

4. ஸ்டிக்கர் ஒட்டி முடித்ததும் பில்லிங்கில் போய்ச் சொல்லுங்க. அவர்கள் கம்ப்யூட்டரில் விலை மாற்றியதாகச் சொன்ன பிறகுதான் வேலை முடிந்தது.

5. ஏஜென்சி வண்டி வந்தால்: டேமேஜ் சரக்கைக் கொடுக்க வேண்டாம். வண்டியை நிறுத்தி அண்ணாச்சிக்கு போன் பண்ணுங்க. போன மாதச் சரக்குக்கே இன்னும் பணம் வரவில்லை.

15-ம் தேதி ராத்திரி இந்தத் தாளைக் கிழித்துவிடவும்.

தயிர் ஏன் முதலில் நிற்கிறது என்றால், குரலில் அதை இரண்டு தரம் சொன்னார், இரண்டாம் தரம் சத்தம் ஏறியது. எழுத்தில் சத்தம் தெரியாது, ஆனால் அண்ணாச்சிக்கு எது முக்கியம் என்பது அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது. வைததை எடுத்துவிட்டேன், வைத வேகத்தை வரிசையாக மாற்றிவிட்டேன். ஐந்தாவதில் மட்டும் காரணத்தை விட்டுவைத்தேன். வண்டிக்காரன் அவசரப்படுத்துவான், "அண்ணாச்சிதான் குடுக்கச் சொன்னாரு" என்பான். பணம் வரவில்லை என்று தெரிந்த பிள்ளைதான் அசையாமல் நிற்கும்.

'சும்மா உக்காந்துருக்காளுவ' என்பதை எழுதவே இல்லை. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் கொண்டுவந்து, கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று ஆக்கியாயிற்று. இருக்கையில் உட்கார்ந்திருப்பவரை எழுப்புகிற உத்தரவை என் கையால் எழுத எனக்கு இஷ்டமில்லை. அண்ணாச்சியும் அதைக் கேட்கவில்லை. அது உத்தரவு இல்லை, சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ஏப்பம்.

ஒட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை. புதிதாக வந்தவரிடம் தாளைக் கொடுத்து, "என்ன செய்வ, சொல்லு பாப்போம்" என்பேன். "புரியுதா?" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை, எல்லோரும் தலையாட்டுவார்கள். இந்தத் தடவை அப்படி வந்த பெண் பன்னீர்த் தட்டுக்கு முன்னால் போய் நின்று, 15-ம் தேதிப் பாக்கெட்டை எடுத்துக் காட்டினாள். சரியாகிவிட்டது. "பேப்பர்ல அண்ணாச்சி ரொம்ப நல்லவரா இருக்காரு" என்றும் சொன்னாள்.

பீகாரிலிருந்து வந்த இரண்டு பையன்கள் விஷயத்தில்தான் தாள் தோற்றது. அவர்களுக்குப் பேச்சுத் தமிழ் நன்றாகப் புரியும், அண்ணாச்சியின் திட்டுகூடப் புரியும், எழுத்து ஒன்றும் தெரியாது. என் தெளிவான ஐந்து வரி அவர்களுக்குச் சுவரில் ஒட்டிய கோலம். அவர்களுக்காகத் தட்டைப் போட்டோ எடுத்து, கூடை இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்டு, தேதி எண்களை மட்டும் பெரிதாக எழுதிப் பக்கத்தில் ஒட்டினேன். பார்க்கப்போனால் அம்புக்குறிதான் பழைய சுட்டுவிரல். அதன் பிறகு தமிழ் படிக்கத் தெரிந்தவர்களும் தாளை விட்டுவிட்டு அந்தப் போட்டோவைத்தான் பார்க்கிறார்கள் என்பதை முதலாளியின் மகனிடம் நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டிக்காரன் வந்தான், கேட்டான், அந்தப் பெண் ஐந்தாம் வரியைக் காட்டினாள். அவன் தாளைப் படம் பிடித்துக்கொண்டு போனான். அடுத்த முறை கிரெடிட் சீட்டோடு வந்தான்.

பன்னீருக்குக் கடையில் அதன் பிறகு பனியன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. "பனியன் தட்டுல ரெண்டு குறையுது" என்று பில்லிங்கில் குரல் கேட்கும். தாளில் ஊழியர்கள் வாயில் வருகிற பெயரைத்தான் எழுத வேண்டும் என்பது என் கொள்கை, ஆகையால் நானும் 'பனியன் தட்டு' என்றே எழுத ஆரம்பித்தேன். ஒருநாள் சோதனைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு அதிகாரி பிரிட்ஜ் கதவைப் படித்துவிட்டு, "பிரிட்ஜுக்குள்ள எதுக்குய்யா பனியன் வைக்கீங்க?" என்று கேட்டார். அண்ணாச்சி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, "உக்காருங்க சார், சொல்லுதேன்" என்று ஆரம்பித்தார்.